ஒரே தெருவில் நாலு டெய்லர், நாலு ரேட்... யாரும் கடையை மூடுவதில்லை, யாரும் பணக்காரர் ஆவதும் இல்லை! ‘முற்றுரிமைப் போட்டி’ என்றால் என்ன?

சென்னையிலிருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்ததும் வெள்ளை வெளேரென உப்பளங்கள் தெரியும். அங்கிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போய், பெரியமுதலியார்சாவடியில் வலது பக்கம் திரும்பினால் ஆரோவில் போகும் வழியில் வருவது குயிலாப்பாளையம். ஒரு பக்கம் டிபன் கடை, இன்னொரு பக்கம் பேக்கரி, கொஞ்சம் தள்ளி பிட்சா கடை, நடுவில் டெய்லர் கடைகள், துணிக்கடைகள், வாடகை ஸ்கூட்டர் என்று வரிசையாகக் கடைகள் உள்ள ஊர் இது.

உப்பளமும் டெய்லர் கடையும் ஒரே கடற்கரையில் நடக்கும் தொழில்கள்தான். ஆனால் விலை விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். உப்பு விற்பவரால் தன் உப்புக்குத் தானே விலை வைக்க முடியாது. டெய்லரால் முடியும். அப்படி முடிந்தும் அவர் ஏன் பெரிய லாபம் பார்ப்பதில்லை? இந்தக் கேள்விக்குப் பொருளாதாரத்தில் உள்ள பதில்தான் ‘முற்றுரிமைப் போட்டி’.

உப்புக்கு ஒரே விலை... ஏன்?

மரக்காணத்தில் ஒரு பாத்தியில் வாரிய உப்பையும், பக்கத்துப் பாத்தியில் வாரிய உப்பையும் ஒரே குவியலில் கொட்டிவிட்டால் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. தரம் ஒன்றாக இருக்கும்வரை வாங்கும் வியாபாரிக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றைய மார்க்கெட் விலையைவிட மூட்டைக்குப் பத்து ரூபாய் கூட்டிச் சொன்னால், அவர் அடுத்த உப்பளத்துக்குப் போய்விடுவார்.

மழைக்காலத்தில் உற்பத்தி நின்று இருப்பு குறையும்போது உப்பு விலை ஏறும். கோடையில் உற்பத்தி குவியும்போது இறங்கும். இரண்டுமே தனி ஒரு உற்பத்தியாளர் கையில் இல்லை. நிறைய பேர், ஒரே மாதிரியான பொருள், சந்தை சொல்லும் விலை. இதை ‘நிறைவுப் போட்டி’ என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நிஜ உலகில் முழுமையான நிறைவுப் போட்டி அரிது. ஆனால் மூட்டை உப்பு அதற்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

இதே உப்பை அரைத்து, அயோடின் சேர்த்து, பாக்கெட்டில் அடைத்து ஒரு பெயர் போட்டால் கதை மாறிவிடுகிறது. 1983-ல் டாடா சால்ட் சந்தைக்கு வந்த பிறகு இந்தியா முழுக்க நடந்தது இதுதான். மளிகைக் கடையில் ‘உப்பு கொடுங்க’ என்று கேட்டவர்கள், பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். பெயர் வந்ததும், விலையைக் கொஞ்சம் தானே தீர்மானிக்கும் உரிமையும் வந்துவிட்டது.

முற்றுரிமை, போட்டி: இரண்டும் எப்படி ஒண்ணா வரும்?

ஒரே ஒரு விற்பனையாளர் இருந்தால் அது முற்றுரிமை. பலர் இருந்தால் போட்டி. இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக வைத்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எட்வர்டு சேம்பர்லின். 1933-ல் வெளிவந்த அவரது புத்தகத்தின் பெயரே இந்தச் சொல்லைத்தான் கொண்டிருந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜோன் ராபின்சனும் தனியாக இதே திசையில் ஒரு புத்தகம் எழுதினார்.

சேம்பர்லின் சொன்னது எளிமையான விஷயம். நிஜத்தில் பெரும்பாலான கடைகள் முழு முற்றுரிமையும் இல்லை, முழுப் போட்டியும் இல்லை. ஒவ்வொரு கடையும் தன்னுடைய ‘தனி’ பொருளுக்கு மட்டும் ஒரு குட்டி ராஜா. ஆனால் அந்தப் பொருளுக்கு மாற்றாகக் கிட்டத்தட்ட அதே மாதிரிப் பொருளை விற்கும் பல குட்டி ராஜாக்கள் சுற்றிலும் இருக்கிறார்கள்.

இதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. விற்பவர்கள் பலர். பொருள்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபட்டவை. புதிதாக ஒருவர் கடை போடுவதும், இருப்பவர் மூடிவிட்டுப் போவதும் சுலபம். மூன்றாவது அடையாளம்தான் கதையின் முடிவைத் தீர்மானிக்கிறது.

அளவு ஜாக்கெட்டின் ரகசியம்

ஜாக்கெட் தைப்பதில் அப்படி என்ன வேறுபாடு? எல்லா டெய்லரும் அதே மெஷின், அதே நூல், அதே ஹூக் தானே?

துணி கொடுக்கப் போகிறவர்கள் கூடவே ஒரு பழைய ‘அளவு ஜாக்கெட்’ கொண்டுபோவார்கள். ஆனால் அது சொல்லாத விஷயங்கள் பல. ஒருவருக்கு ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒருவருக்குக் கை இறுக்கமாக இருந்தால் பிடிக்காது. இதையெல்லாம் இரண்டு மூன்று முறை தைத்து, பிரித்து, சரி செய்த பிறகுதான் டெய்லருக்குத் தெரியவரும். அதற்கப்புறம், “அக்கா, போன தடவை மாதிரியே கழுத்து வச்சிடுங்க” என்ற ஒரு வரி போதும்.

புது டெய்லரிடம் போனால் இந்தக் கணக்கு திரும்பப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தையல் கூலி சில நூறு ரூபாய்தான். ஆனால் வெட்டு தப்பானால் போவது பட்டுப் புடவையோடு வந்த துணி. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி இந்த ரிஸ்க்கை யாரும் எடுக்க மாட்டார்கள். இருபது ரூபாய் அதிகம் கேட்டாலும் பழைய டெய்லரிடமே துணி போவதற்கு இதுதான் காரணம்.

சொன்ன தேதியில் கொடுப்பது, வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது, கடையில் பெண் டெய்லர் இருப்பது, பாக்கி சொன்னால் ஒத்துக்கொள்வது... இவை எல்லாமே ‘பொருளின்’ ஒரு பகுதிதான். பொருளாதாரம் இதை ‘பண்ட வேறுபாடு’ என்கிறது.

அப்போ ரேட்டை எவ்வளவு ஏத்தலாம்?

இங்கே ஒரு கற்பனைக் கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காக மட்டுமே.

ஒரு டெய்லர் அக்கா ஒரு ஜாக்கெட்டுக்கு 200 ரூபாய் வாங்குகிறார். மாதம் 150 ஜாக்கெட் வருகிறது. நூல், ஹூக், கரண்ட், ஹெம்மிங் போடும் பெண்ணுக்குக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு ஜாக்கெட்டுக்கு 60 ரூபாய் செலவு. மீதி 140 ரூபாய். மாதத்துக்கு 21,000 ரூபாய்.

இதில் கடை வாடகை, மெஷின் தவணை என்று 6,000 ரூபாய் போகும். மிச்சம் 15,000. ஆனால் இது முழுக்க லாபம் இல்லை. கடையை மூடிவிட்டு அதே அக்கா சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒரு தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போனால் 11,000 ரூபாய் சம்பளம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் உழைப்பின் விலை அது. அதையும் கழித்தால் உண்மையான உபரி லாபம் 4,000 ரூபாய்தான்.

இப்போது ரேட்டை 220 ஆக்குகிறார். பத்து பேர் வேறு கடைக்குப் போகிறார்கள், 140 பேர் நிற்கிறார்கள். ஒரு ஜாக்கெட்டில் மிஞ்சுவது 160 ரூபாய். மொத்தம் 22,400. முன்பைவிட 1,400 ரூபாய் அதிகம். உப்பு வியாபாரியால் செய்ய முடியாததை டெய்லர் செய்துவிட்டார்.

அந்தத் தெம்பில் 250 ரூபாய் ஆக்கினால்? இப்போது வித்தியாசம் கண்ணில் படுகிறது. “அந்த அக்கா ரொம்ப கேக்குறாங்க” என்ற பேச்சு கிளம்புகிறது. 105 ஜாக்கெட்தான் வருகிறது. ஒன்றுக்கு 190 ரூபாய் மிஞ்சினாலும் மொத்தம் 19,950தான். ரேட்டை ஏற்றியும் வருமானம் குறைந்துவிட்டது.

ஆக, டெய்லருக்கு விலை வைக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு வேலி இருக்கிறது. வாடிக்கையாளர் தன் டெய்லரை எவ்வளவு தனித்துவமாக நினைக்கிறாரோ, அந்த அளவுக்கு வேலி தள்ளிப் போகும்.

பக்கத்துத் தெருவில் புதுக் கடை

220 ரூபாயில் அக்காவின் உபரி லாபம் 5,400 ஆகிவிட்டது. பிரச்சினை இங்கேதான் ஆரம்பம். அவர் கடையில் கூட்டம் நிற்பது ஊருக்கே தெரியும். அவரிடம் தொழில் கற்ற பெண்ணுக்கும் தெரியும்.

டெய்லர் கடை போடப் பெரிய முதல் தேவையில்லை. ஒரு மெஷின், ஒரு மேஜை, வீட்டுத் திண்ணை போதும். தமிழக அரசே சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது. எனவே அடுத்த தெருவில் ஒரு கடை, அதற்கடுத்த தெருவில் இன்னொன்று வருகிறது.

புதுக் கடைக்காரர்கள் அக்காவின் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் பிடிப்பதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பிடிக்கிறார்கள். 140 ஆக இருந்தது 125 ஆகி, கடைசியில் 106-ல் வந்து நிற்கிறது. ஒன்றுக்கு 160 வீதம் 16,960 ரூபாய். வாடகை, தவணை 6,000 போக 10,960. கிட்டத்தட்ட வேலைக்குப் போனால் கிடைக்கும் சம்பளம் 11,000 ரூபாய்தான் மிச்சம். உபரி லாபம் மறைந்துவிட்டது.

விலையைக் குறைத்து ஆட்களைத் திரும்ப இழுக்கலாமே? 200 ஆக்கினால் 115 ஜாக்கெட் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 140 வீதம் 16,100தான். சரி, 240 ஆக ஏற்றினால்? 90 ஜாக்கெட், ஒன்றுக்கு 180 வீதம் 16,200. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நஷ்டம். இருக்கிற இடம்தான் இருப்பதிலேயே நல்ல இடம். அந்த இடத்திலும் சம்பளம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

இதற்குமேல் புதிதாக யாரும் கடை போட வர மாட்டார்கள். இருப்பவர்களுக்கும் மூடிவிட்டுப் போகக் காரணம் இல்லை. சேம்பர்லின் விவரித்த நீண்டகால நிலை இதுதான்.

ஓடாமல் நிற்கும் மெஷின்

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அக்காவும் அவர் மெஷினும் மாதம் 200 ஜாக்கெட் தைக்கக் கூடியவர்கள். தைப்பதோ 106. மீதி நேரம் மெஷின் சும்மா நிற்கிறது. வாடகையும் தவணையும் மட்டும் ஓடுகிறது.

வாடகை, தவணை, அவர் உழைப்பு எல்லாம் சேர்த்து மாதம் 17,000 ரூபாய். இதை 106 ஜாக்கெட்டில் பிரித்து, அந்த 60 ரூபாயையும் கூட்டினால் ஒரு ஜாக்கெட்டின் அடக்கம் சுமார் 220 ரூபாய். 200 ஜாக்கெட்டில் பிரித்தால் அடக்கம் 145 ரூபாய்தான். 75 ரூபாய் வித்தியாசம். இதைத்தான் ‘மிகைத் திறன்’ என்கிறார்கள். கடைகள் அதிகம், ஒவ்வொன்றிலும் வேலை கம்மி, அதனால் எல்லோருக்கும் செலவு அதிகம். வாடிக்கையாளர் அதிக விலை கொடுக்கிறார், அதே சமயம் கடைக்காரருக்கும் பெரிய லாபம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு விடை இதுதான்.

இதைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. தீபாவளி, பொங்கல், தை மாத முகூர்த்த நேரங்களில் ‘ஆர்டர் எடுக்கப்படாது’ என்று போர்டு வைக்கும் டெய்லரே ஆடியில் காத்துக் கிடப்பார். சீசன் கூட்டத்துக்காக வைத்திருக்கும் திறன் வேறு, எப்போதுமே நிரம்பாத திறன் வேறு. பண்டிகை இல்லாத ஒரு சாதாரண மாதத்தில் மெஷின் பாதி நேரம் நின்றால்தான் அது மிகைத் திறன்.

சாப்பாட்டுக் கடையில் இது எப்படி?

குயிலாப்பாளையம் சாலையில் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இதே விதிதான், ஒரு சின்ன மாற்றத்தோடு. அங்கே இட்லிக் கடைக்குப் பிட்சா கடை போட்டியா?

காலையில் வேலைக்குப் போகிறவருக்கு இட்லிக் கடையின் போட்டியாளர் இன்னொரு டிபன் கடைதான். ஆரோவில் பார்க்க வந்தவருக்கு இரவு பிட்சாவா, தோசையா என்ற கேள்வி வரலாம். ஆக, யார் யாருக்குப் போட்டி என்பது சாப்பிட வருபவரைப் பொறுத்து மாறுகிறது. சேம்பர்லின் ‘ஒரு குழுவாக’ விற்பவர்களைப் பற்றிப் பேசினார். அந்தக் குழுவின் எல்லை எங்கே என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் கேள்வி எழுப்பினார். இந்தக் கோட்பாட்டின் பலவீனமான இடம் இன்றும் இதுதான்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒரு ஊரில் இரண்டே டெய்லர்தான், வேறு ஊருக்குப் போக வழியும் இல்லை என்றால் அது முற்றுரிமைப் போட்டி ஆகாது. ஒருவர் ரேட்டை மாற்றினால் மற்றவர் உடனே கவனித்துத் தானும் மாற்றுவார். அது ‘சில்லோர் முற்றுரிமை’. குயிலாப்பாளையத்துக்காரர்களுக்கு புதுச்சேரி சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே உள்ள கடைகளும் இந்த டெய்லர்களின் வேலிதான்.

அப்போ இத்தனை கடைகள் வீணா?

பல ஆண்டுகளாகப் பாடப்புத்தகங்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லி வந்தன. மும்பையில் பிறந்த அவினாஷ் தீட்சித்தும், அமெரிக்கரான ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் சேர்ந்து எழுதி 1977-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை இந்தப் பார்வையை மாற்றியது. வகைகள் அதிகமாக இருப்பதே மக்களுக்கு ஒரு நன்மை, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

டெய்லர் கணக்கிலேயே பார்க்கலாம். கடைகள் பாதியாகிவிட்டால் ஒரு ஜாக்கெட்டின் அடக்கம் 145 ரூபாய்க்குப் பக்கத்தில் இறங்கலாம். ஆனால் சிலருக்குக் கடை தூரமாகிவிடும். சிலருக்குப் பிடித்த கை வேலை இல்லாமல் போகும். தவிர, இருக்கிற இரண்டு கடைக்காரர்கள் செலவு குறைந்ததற்காக ரேட்டைக் குறைப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 75 ரூபாயில் ஒரு பகுதி வீண் செலவு, இன்னொரு பகுதி தனக்கு ஏற்ற கடையைத் தேர்ந்தெடுக்கும் வசதிக்கான விலை. எது எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும்.

சங்கம் வைத்து ஒரே ரேட் போட்டால்?

லாபம் நிற்கவில்லை என்றதும் கடைக்காரர்களுக்கு இயல்பாக வரும் யோசனை இது. தமிழகத்தில் பல ஊர்களில் சலூன்களில் சங்கத்தின் பெயரோடு விலைப்பட்டியல் தொங்குவதைப் பார்க்கலாம். ‘இதற்குக் குறைவாக யாரும் வாங்கக் கூடாது’ என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டால் அது இனி முற்றுரிமைப் போட்டி இல்லை, கூட்டணி விலை. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பதை 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவு தடுக்கிறது.

சட்டத்தை விடுங்கள், கணக்கே இதைக் கெடுத்துவிடும். எல்லோரும் 250 ரூபாய் என்று ஒத்துக்கொண்டால் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் 190 ரூபாய் மிஞ்சும், மெஷினோ பாதி நேரம் சும்மா நிற்கிறது. யாராவது ஒருவர், “உங்களுக்கு மட்டும் 230, வெளிய சொல்லாதீங்க” என்பார். இன்னொருவர் ரேட்டைக் குறைக்காமல் ஃபால்ஸ் இலவசமாகத் தைத்துக் கொடுப்பார். அது போகட்டும், எல்லோரும் வாக்கைக் காப்பாற்றினால்கூட, அந்த அதிக லாபத்தைப் பார்த்து சங்கத்தில் இல்லாத ஒருவர் புதுக் கடை போடுவார். கதவு திறந்திருக்கும்வரை லாபம் உள்ளே தங்காது.

ஒரு கடை இந்த வகைதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். ஐந்து பத்து ரூபாய் விலை ஏறினால் வாடிக்கையாளர்கள் முனகிக்கொண்டே தொடர்ந்து வருகிறார்களா? கூட்டம் நிற்கும் கடையைப் பார்த்து ஓரிரு வருடத்துக்குள் பக்கத்தில் அதே மாதிரிக் கடை முளைக்கிறதா? விசேஷம் இல்லாத நாளில் கடையில் பாதி இடமோ, பாதி நேரமோ காலியாக இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் அது முற்றுரிமைப் போட்டிதான்.

முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்றால், ஐந்து ரூபாய் ஏறியதும் எல்லோரும் போய்விட்டால், அந்தக் கடைக்காரர் விற்பது உப்பு மூட்டையைப் போன்ற பொருள். இரண்டாவதுக்கு ‘இல்லை’ என்றால், உள்ளே வரும் கதவை ஏதோ ஒன்று அடைத்து வைத்திருக்கிறது. அது லைசென்ஸாக இருக்கலாம், கடை கிடைக்காத இடமாக இருக்கலாம், பெரிய முதலாக இருக்கலாம். புதிதாகக் கடை போட நினைப்பவர் விசாரிக்க வேண்டியது, அங்கே இப்போது கூட்டம் நிற்கிறதா என்பதை அல்ல. தன்னைப் பார்த்து அடுத்தவர் வந்த பிறகும் தன்னிடமே வர எத்தனை பேருக்குக் காரணம் இருக்கிறது என்பதைத்தான்.